லாச்சிக்குள் பூட்டிய மூன்று மணி அழைப்பு

பதுளை கடைவீதியில், புடவைக் கடை ஒன்றுக்கும் பாத்திரக் கடை ஒன்றுக்கும் நடுவே ஸஹாப்தீன் நானாவின் கடை ஒடுங்கி நிற்கிறது. பலகையில் ‘ஸஹாப்தீன் கொமினிகேஷன்’ என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். தமிழ் எழுத்து மட்டும் வெயிலில் வெளுத்து, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே போன் கவர்கள், சார்ஜர்கள், ஒரு போட்டோகொப்பி மெஷின். பின்சுவரோடு ஒரு பலகைக் கூண்டு, கண்ணாடிக் கதவோடு. அதற்குள் இப்போது காலி அட்டைப் பெட்டிகள். ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தொலைபேசிக் கோல் எல்லாம் அந்தக் கூண்டுக்குள்தான் வந்து இறங்கும்.

தொண்ணூற்று நாலில் கடை திறந்தாராம். அப்போது வெள்ளிக்கிழமை என்றால் நமுனுகுல, பசறைப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் காலை பஸ்ஸில் வந்து இங்கே வாங்குப் பலகையில் குந்திவிடுவார்கள். மனைவியோ மகளோ அக்காவோ அரபு நாட்டிலிருந்து கோல் எடுப்பாள். எத்தனை மணிக்கு என்று தெரியாது. ஸஹாப்தீன் நானா பெயரைக் கூப்பிட்டால் ஓடிப்போய்க் கூண்டுக்குள் நுழைய வேண்டும். ஆள் வராத நாளில் கோல் வந்தால், செய்தியை ஒரு துண்டில் எழுதி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். துண்டு எப்படியும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கைபோன் வந்தது, வாங்கு காலியானது. பிறகு அவர் போன்களுக்கு ரீலோட் காசு போட்டார், கண்ணாடி உடைந்த போன்களைத் திருத்தினார்.

“இப்ப என்ட தொழில் என்ன தெரியுமா? அப்பத் தொறக்கிற கோட் நம்பர் எடுத்துக் குடுக்கிறது. ஆக்கள் சொந்த வீட்டுக்குள்ள போக ஏலாம வெளிய நிக்கிறாங்க, நான் தொறந்து விடுறேன்” என்பார்.

போன பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் போனின் சார்ஜ் வாய் பழுதாகி, அவர் அதைக் கழற்றி வைத்திருந்தார். நான் வாங்கில் குந்தியிருந்தேன். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும், பாக்கியலெட்சுமி அக்கா வந்தார். நமுனுகுல பக்கத்துத் தோட்டம். ஐம்பது வயதைத் தாண்டியவர். தலைமுடியை இறுக்கி முடிந்து, புதுப் போன் ஒன்றைக் குளிரில் விறைத்த குருவியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நானா, இதக் கொஞ்சம் பாருங்க. கோட் வரவே மாட்டேங்குது.”

ஸஹாப்தீன் நானா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். திரையில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி. அளவுக்கு மிஞ்சிய தடவை கேட்டுவிட்டீர்கள், பிறகு முயலுங்கள் என்று அர்த்தம்.

“எத்தின தரம் அமத்தினீங்க?”

“நான் அமத்தல. அந்த போன் வித்த கடைத் தம்பி, மிப்ரானு, அதுதான் அமத்துச்சு.”

“அது எத்தின தரம்?”

“ஒரு ஏழெட்டு இருக்கும். அப்பறம் வேற போன்லயும் போட்டுப் பாத்துச்சு.”

“அதே நம்பரையா?”

“ஆமாங்க. அதுலயும் இதே சிவப்புதான். போன்ல பிழை இல்ல அக்கா, ஒங்க நம்பர்ல பூட்டிருச்சு, நானாட்டப் போங்கன்னு சொல்லிருச்சு.”

“நல்ல புள்ள. பூட்டிட்டுச் சாவிக்கு என்னட்ட அனுப்பிரிக்கான்.”

அக்கா சிரிக்கவில்லை. கதையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பீலியடியில் துணி துவைக்கும்போது பழைய போன் தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனது. இன்றைக்குப் பேர் போடாமல், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, விடிய பஸ் ஏறி வந்து இந்தப் போனை வாங்கியிருக்கிறார். மகள் ஜெயந்தினி குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அங்கே பன்னிரண்டரைக்கு, மேடம் வீட்டார் தொழுகையும் சாப்பாடுமாகத் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு. வீட்டு வைஃபையில், போனில் போட்ட ஒரு அப்பில்தான் எடுப்பாள். புதுப் போனில் அதைத் திறக்கத்தான் இந்தக் கோட்.

“இந்த மூணு மணி தப்பிச்சுனா அடுத்த வெள்ளிக்குத்தானே?” என்று நானா கேட்டார்.

“அடுத்த வெள்ளி வரைக்கும் இல்லைங்க. நாளைக்கு அவ கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. வேணாம், வந்துருன்னு இன்னைக்குச் சொல்லிறணும். போடட்டுமா அம்மான்னு போன வாரம் கேட்டா. யோசிச்சு அடுத்த வெள்ளி சொல்றேன்னேன். யோசிச்சுட்டேன்.”

“மகள்ட நம்பர் சொல்லுங்க, நான் என்ட போன்ல இருந்து எடுக்கிறேன்.”

“நம்பரு செத்துப்போன போனுக்குள்ளதாங்க இருந்துச்சு. எங்கயும் எழுதி வைக்கல. ஏஜென்சிக்குக் காலையில இருந்து எடுக்கிறேன், தூக்க மாட்டேங்குறாங்க.”

ஸஹாப்தீன் நானா பின்னால் இருந்த கூண்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதன் உட்சுவர் பலகை முழுக்கப் பேனாவாலும் ஆணியாலும் கீறிய நம்பர்கள். அந்தக் காலத்தில் எழுதித்தான் வைத்தார்கள்.

“சரி, கோட் போற சிம் எங்க இரிக்கி? இந்தப் போன்ல இரிக்கிற சிம் வேற.”

இங்கேதான் சிக்கல். தோட்டத்தில் அக்காவின் லயத்துக்கு ஒரு பொதுப் போன் இருந்தது, பொத்தான் போன். ஆறு வீட்டுக்கும் அதுதான். ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக, சாவுச் செய்தி சொல்ல, பிள்ளை பிறந்ததைக் கேட்க. சிம் மாடசாமி அண்ணனின் பெயரில், அதாவது அக்காவின் கணவர் பெயரில். ஜெயந்தினி போவதற்கு முன் அம்மாவின் போனில் அப்பைத் திறந்தபோது, எந்தக் காலத்திலும் மாறாத நம்பர் என்று அந்த லயத்துப் போனின் நம்பரைத்தான் கொடுத்தாள். டேட்டா சிம் அடிக்கடி மாறும், லயத்துப் போன் மாறாது. அவள் நினைத்தது சரிதான். ஆனால் கோட் போவது லயத்துப் போனுக்கு. லயத்துக்குள் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே, ரோட்டு வளைகிற முடக்கில் போய் நின்றால்தான் வரும்.

“அந்தப் போனக் கையோட கொண்டாந்திருக்கலாமே?”

“அது ஆறு வீட்டுப் போனுங்க. அதத் தூக்கிட்டு டவுனுக்கு வந்தா லயம் என்னா பேசும்? கடைசி வீட்டுல புள்ளத்தாச்சி வேற இருக்கா.”

நானா தலையாட்டினார். 

நடந்தது இதுதான். மிப்ரான் அமத்த அமத்த, கோட் எல்லாம் சிக்னல் இல்லாத லயத்தை நோக்கிப் போய் நடுவழியில் காத்து நின்றன. வரவில்லை, வரவில்லை என்று இவன் மறுபடியும் அமத்தினான். அண்ணன் முடக்குக்கு ஏறியதும் எல்லாம் ஒன்றாக விழுந்தன. அண்ணன் முப்பது வருஷம் பெரட்டுக்களத்தில் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுவதைக் கேட்ட மனுஷன். முதல் வந்தவனுக்கு முதல் பேர். அதே முறைப்படி அடியில் கிடந்த முதல் மெசேஜிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லியிருக்கிறார். மிப்ரானும் வரிசையாக அதை அடித்திருக்கிறான்.

“ஒண்ணும் சரி வரல. கடைசி ஒண்ணு பாக்கி இருக்குன்னாரு, அதுக்குள்ள செகப்பாயிருச்சு.”

“கடைசி ஒண்டுதான் உசுரோட இரிந்தது” என்றார் நானா. “புதுசு ஒண்டு கேட்டா பழசு செத்துரும். அண்ணன் செத்ததுக்கெல்லாம் பேர் கூப்பிட்டிருக்கார்.”

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப அந்தக் கடைசியப் போட்டுப் பாப்பமா?”

“அதுக்கும் ஆயுசு பத்து நிமிசம்தான். அது முடிஞ்சு போச்சு.”

“அப்ப இன்னொரு தரம் அமத்துங்க, நானா. ஒரே ஒரு தரம். கோட்ட கோல் பண்ணிச் சொல்லுன்னும் ஒரு பொத்தான் இருக்காமே.”

நானா திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பொத்தானும் மங்கிக் கிடந்தது.

“ரெண்டுக்கும் ஒரே கணக்குதான். இப்பிடிப் பாருங்க. அந்தப் பக்கம் இரிக்கிறது மனிசன் இல்ல, கெஞ்சினா எரங்குறதுக்கு. ஒரு நம்பருக்கு இவ்வளவு நேரத்துல இத்தின கோட்தான் என்டு அதுக்கு ஒரு எண்ணிக்கை. அதுக்கு மேல கேட்டா, யாரோ கள்ளன் ஒங்கட நம்பரத் தொறக்கப் பாக்கிறான் என்டு நெனச்சுக் கதவப் பூட்டும். பூட்டின கதவத் தட்டத் தட்ட, சந்தேகம்தான் கூடும். சிலதுல நேரமும் கூடும். சும்மா விட்டா எண்ணிக்கை தானா எறங்கும்.”

“எவ்வளவு நேரத்துல?”

“அதத்தான் இது சொல்லல. ஒரு மணித்தியாலமும் ஆகலாம். மிச்சம் அமத்தியிருந்தா ஒரு நாளும் ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன்.”

பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருமியது. ஸஹாப்தீன் நானா போனை வாங்கி, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்து, சாவி போட்டுப் பூட்டினார்.

“நான் ஜும்ஆவுக்குப் போய்ட்டு வாறேன்.”

“நானா.” அக்காவின் குரல் எழும்பவில்லை, கீழே இறங்கியது. “மூணு மணிக்கு அவ எடுப்பா.”

“தெரியும். அதுக்குத்தான் பூட்டுறேன். ஒங்கட கையில இரிந்தா நீங்க அமத்துவீங்க. என்ட கையில இரிந்தா நானும் அமத்துவேன்.” கடைப் போனை அவர் முன்னால் தள்ளினார். “அண்ணனுக்கு எடுங்க. அந்த ஆறு நம்பர் மெசேஜ் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு முடக்குக்கு வந்து, நான் சொல்லும் வரைக்கும் அசையாம நிக்கச் சொல்லுங்க.”

அண்ணன் முடக்கில்தான் இருந்தார். அக்கா சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து பலத்த குரல் கேட்டது.

“எல்லாத்தயும் அழிக்கவா? கரண்டு பில்லு மெசேஜும் இருக்கே.”

“கரண்டு பில்ல விட்டுட்டு மத்தத அழிங்க.”

“எது கரண்டுன்னு எனக்கு என்னா தெரியும்? எல்லாம் இங்கிலீசு.”

“ஆறு நம்பரு மட்டும் இருக்கிறத அழிங்க. மேல வீட்டு அங்கம்மா மகன்ட்ட குடுங்க, அவன் படிச்சவன்.”

“அவன்ட்ட குடுத்தா போன் திரும்பி வராது. நானே அழிக்கிறேன்.”

ஷட்டர் பாதி இறங்கியது. என் போனும் உள்ளே மாட்டிக்கொண்டது. “தம்பி, நீங்க இங்கதானே இரிப்பீங்க? அக்காவப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நானா கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். கடைவீதி முழுக்க ஷட்டர்கள் இறங்கும் சத்தம். வரிசையாக யாரோ தகரத்தின்மேல் மழையை ஊற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது.

வாங்கை வெளியே இழுத்துப் போட்டுக் குந்தினோம். அவர் ஒரு ஓரம், நான் மற்ற ஓரம். எனக்கு யாரோடும் சட்டென்று பேச வராது. எதிர்க் கடையில் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்து ஒன்றை அவர் பக்கம் வைத்தேன். வெகுநேரம் தொடவில்லை. ஷட்டரைப் பார்த்தார், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு எழுந்தார்.

“மேல் ரோட்டுல ஒரு கடை இருக்கில்ல? சிங்களப் பையன் ஒருத்தன். அது தொறந்திருக்குமே.”

“இருக்கும்” என்றேன்.

“வேற ஊரு போன்ல நம்பரப் போட்டுப் பாத்தா?”

பூட்டு நம்பரில்தான், எந்தப் போனில் போட்டாலும் அதே எண்ணிக்கையில்தான் போய்ச் சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் இறங்கி நடந்துவிட்டார். பின்னால் போய்க் கையைப் பிடித்து நிறுத்தும் ஆள் நான் இல்லை. பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி அடங்கியது.

இருபது நிமிஷம் கழித்து வந்தார். குந்தினார். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“கேட்டீங்களா?”

“போனேன். என்னா நம்பருன்னு கேட்டான். சொல்ல வாய் வரல.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “எனக்கு இது ரெண்டாவது தரம் தம்பி.”

பிறகு அவரே சொன்னார். இரண்டாயிரத்து மூன்றில் அவர் லெபனானில் இருந்தார். ஜெயந்தினிக்கு ஏழு வயது. மாடசாமி அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இதே வாங்கில் வந்து குந்துவார். கூண்டுக்குள் பிள்ளைக்கு ரிசீவர் எட்டாது. ஸஹாப்தீன் நானா ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுவார், அதன் மேல் ஏறி நின்று பேசுவாள். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டை முழுவதும் பாடித்தான் முடிப்பாள். அக்கா அந்தப் பக்கம் போன் கார்ட் காசு கரைவதைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

“அந்தப் பாட்டு இப்பக் கேட்டாலும் கார்ட்டு தேயிற மாதிரியே இருக்கும்.”

அங்கேயும் ஒரு நாள் கையெழுத்துக் கேட்டார்கள். இன்னும் இரண்டு வருஷம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெள்ளிக்கிழமை கார்ட் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். எடுத்தார். லைன் பிஸி. மறுபடியும் எடுத்தார். பிஸி. ஒரு மணித்தியாலம் சுற்றிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற பெண்கள் திட்டினார்கள். மேடம் கூட்டிப்போக வந்துவிட்டாள். அடுத்த நாள் காகிதத்தை நீட்டியபோது, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல், சும்மா இருப்பதைவிட இது மேல் என்று போட்டுவிட்டார்.

“வந்து பாத்தா புள்ளைக்கு ஒம்பது வயசு. என்னை வாங்கன்னு கூப்புட்டா. அம்மான்னு கூப்புட ஒரு வாரம் போச்சு.”

 வெயில் ஏறி எங்கள் கால் வரைக்கும் வந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து வெள்ளைச் சட்டைகள் திரும்பத் தொடங்கின.

ஒன்றேகாலுக்கு நானா வந்து ஷட்டரைத் தூக்கினார். லாச்சியைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து லரீபா மாமி அனுப்பிய சோற்றுப் பொதியைப் பிரித்து, பாதியை அக்காவுக்குத் தள்ளினார்.

“திங்குங்க. ரெண்டரைக்குத்தான் எடுப்பேன்.”

“ரெண்டரையா? அதுலயும் வரலைன்னா மூணு மணிக்கு என்னா செய்யிறது?”

“மிப்ரான்ட கேட்டேன், பள்ளியில கண்டேன். பதினொண்டு இருபத்தஞ்சுக்குத்தான் கடைசியா அமத்தினானாம். மூணு மணித்தியாலமாவது விடோணும். ஒரே ஒரு தரம்தான் கேக்கப் போறம். அந்த ஒரு தரம் வீணாப் போனா திரும்ப மொதல்ல இருந்து.”

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நானா, அன்னைக்கு இங்க என்னா நடந்துச்சு? ரெண்டாயிரத்து மூணுல. லைன் ஏன் பிஸியாவே இருந்துச்சு?”

ஸஹாப்தீன் நானாவின் கை நின்றது. 

“ஒங்களுக்கு அண்ணன் சொல்லல்லியா?”

“அவரு லைன் பிஸின்னு மட்டும்தான் சொன்னாரு.”

“பிஸி நாங்கதான்.” அவர் கையை இலையிலேயே வைத்திருந்தார். “நேரம் போகுது, கோல் வரல்ல என்டு அண்ணன் நிண்ட நெலையில நிக்கிறார். சின்னப் புள்ள பாட்டப் பாடிப் பாடிப் பாக்குது. எனக்கும் பொறுக்கல்ல. சரி நாம எடுப்பம் என்டு, லெபனான்ல நீங்க எடுக்கிற கார்ட் கடை நம்பரச் சுத்தினேன். அது பிஸி. திரும்பச் சுத்தினேன். பிஸி. ஒரு மணித்தியாலம் நானும் விடல்ல. அங்க நீங்க இங்க எடுக்கிறீங்க, இங்க நான் அங்க எடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் பிஸி. நான் ரிசீவர ஒரு அஞ்சு நிமிசம் கீழ வச்சிருந்தா ஒங்கட கோல் விழுந்திரிக்கும். அண்டு ராவு படுக்கையிலதான் எனக்கு வெளங்கிச்சு.”

 வெளியே பசறை பஸ் ஒன்று கத்திக்கொண்டு போனது.

“அவரு என்னா சொல்லச் சொன்னாரு, அன்னைக்கு? எனக்கு?” என்று கேட்டார் கடைசியில்.

“வந்துறச் சொல்லத்தான் நிண்டார்.”

அக்கா மீதிச் சோற்றை உருட்டி வாயில் போட்டார். மென்று முடித்துவிட்டு, “கறி நல்லாருக்கு” என்றார்.

இரண்டேகாலுக்கு நானா கூண்டுக் கதவைத் திறந்து அட்டைப் பெட்டிகளை வெளியே எடுத்து அடுக்கத் தொடங்கினார். நானும் பிடித்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு ஸ்டூல், ரிசீவர் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. பலகைச் சுவரில் நம்பர்கள். சில பெயர்களும். ஒரு மூலையில், இடுப்பளவு உயரத்தில், கொம்பு விட்ட மாடு ஒன்று சோக்கால் கீறியிருந்தது. ஒரு பிள்ளை சோடாப் பெட்டியில் ஏறுவதற்கு முன் நின்று கீறக்கூடிய உயரம். யார் கீறியது என்று நான் கேட்கவில்லை.

இரண்டரைக்கு லாச்சி திறந்தது. போனைத் தூக்கியதும் நானா திரையைத் தொடாமல் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சிவப்பு வரி போயிருந்தது. பொத்தான் பச்சையாக இருந்தது.

“அண்ணனுக்கு எடுங்க. முடக்குல நிக்கிறாரா என்டு பாருங்க.”

கடைப் போனில் எடுத்தார். “நிக்கிறேன், நிக்கிறேன். ரெண்டு மணியில இருந்து நிக்கிறேன்” என்றது குரல். “கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் ஏன் நிக்கிறேன்னு கேக்குறாளுக. கல்யாணம் பேசுறேன்னு சொல்லிருக்கேன்.”

“பேச்ச விடுங்க. சிக்னல் எத்தன கம்பி?”

“ரெண்டு.”

“போதும்” என்றார் நானா. “இப்ப வைங்க. நான் ஒருதரம் அமத்துறேன். வந்தவுடன அவர எடுக்கச் சொல்லுங்க. வராட்டியும் நாங்க அமத்தப்படாது.”

அமத்தினார். ஒரே தரம். பிறகு போனை மேசையில் வைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு நிமிஷம். இரண்டு. திரையின் அடியில் ‘மீண்டும் அனுப்பு’ என்ற எழுத்து மங்கலாக இருந்து மெல்லக் கறுத்து, அமத்து அமத்து என்று கூப்பிட்டது. அக்காவின் விரல் அதை நோக்கிப் போய், நடுவில் நின்று, மேசைத் துணியின் சுருக்கத்தை நீவியது. மூன்று நிமிஷம். எனக்கே அதை அமத்த வேண்டும்போல இருந்தது. நானா கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நிமிஷம் கடைப் போன் அடித்தது. அக்கா எடுத்தார்.

“வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு.”

“சொல்லுங்க.”

“என்னட்டச் சொல்ல வேணாம்” என்று நானா கையைக் காட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒங்கட கோட், நீங்களே போடுங்க. நான் கேக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல.”

அண்ணன் ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டார். நாலாவது எண்ணில் அவருடைய விரல் வேறொன்றில் விழப் பார்த்தது, எடுத்துவிட்டார். ஆறாவது. திரை ஒருதரம் வெளுத்தது. பிறகு திறந்தது. பழைய பேச்சு ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. ஆனால் உள்ளே வந்துவிட்டோம்.

“போச்சா?” என்று அந்தப் பக்கம் கேட்டது.

“வந்துருச்சு” என்றார் அக்கா.

மணி இரண்டு நாற்பது. அக்கா போனை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போய் ஸ்டூலில் குந்தினார். நானா கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குள்ளால் அவர் தெரிந்தார். போன் மடியில். மூன்று மணி ஆனது. ஒன்றும் வரவில்லை. மூன்று மூன்று. நானா ரீலோட் கேட்டு வந்த ஒருவனை “பொறுங்க” என்று வாசலிலேயே நிறுத்தினார். மூன்று ஐந்து. அக்கா போனைத் தொடவில்லை. சுவரில் இருந்த மாட்டின் கொம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்று ஏழுக்கு அடித்தது.

பலகைச் சுவர் மெல்லியது. அந்தக் காலத்திலும் அப்படித்தானாம், எல்லாருடைய கதையும் எல்லாருக்கும் தெரியும். நானா ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஆனாலும் கேட்டது.

“போன் செத்துப்போச்சு புள்ள. ... இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். ... கேளு, பாட்டி கதை எல்லாம் அப்பறம். நீ கையெழுத்துப் போடாத. ... கடனெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். ... ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். ... அப்பாவும்தான். அவரு இருவது வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு.”

பிறகு அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் அழுகிறாளோ என்று நினைத்தேன். அக்கா சட்டென்று சிரித்தார்.

“எங்க இருந்து பேசுறேன்னு நெனைக்கிற? ஒன்னோட மாடு இன்னும் இருக்குடி.”

அரைமணி நேரம் முடிந்து கதவைத் திறந்தபோது அவர் முகம் கழுவியதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்த தடம் தெரிந்தது, அதை மறைக்கவும் இல்லை. “ஒரு பேனா தாங்க” என்றார். நானா காதில் செருகியிருந்ததைக் கொடுத்தார். அக்கா திரும்பவும் உள்ளே போய், போனைப் பார்த்துப் பார்த்து, மாட்டுக்கு மேலே குவைத் நம்பரை ஒவ்வோர் எண்ணாக எழுதினார். எழுதிவிட்டு ஒருதரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“இனி இது தண்ணிக்குள்ள விழாது” என்றார்.

நானா அட்டைப் பெட்டிகளைத் திரும்பக் கூண்டுக்குள் வைக்கவில்லை. போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் அடுக்கினார். என் போனைத் தேடி எடுத்து, “ஒங்கட வேலை இன்னும் முடியல்ல தம்பி, நாளைக்கு வாங்க” என்றார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கப் போனவர், படியில் நின்றார்.

“ஐயோ, அந்த மனுசன் இன்னும் முடக்குல நிப்பாரே.”

கடைப் போனில் எடுத்தார். முதல் மணியிலேயே தூக்கிவிட்டார்கள்.

“நிக்கிறேன்” என்றது குரல். “இன்னும் ஒண்ணும் வரல. போகவா, நிக்கவா?”

“வீட்டுக்குப் போங்க” என்றார் பாக்கியலெட்சுமி அக்கா. “வந்துருவா.”